புதர் வெட்டும் அரிவாள்

புதர் வெட்டும் அரிவாள் என்பது செடி, கொடி, கிளைகளை ஓங்கி வெட்டப் பயன்படும் கைக்கருவி. எதை வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அலகின் வடிவமும் கனமும் மாறும். பாலவாக்கம் போன்ற கடலோரப் பகுதிகளின் காலி மனைகளில் மண்டும் சீமைக்கருவேலத்துக்கு முதுகு தடித்து, நுனி உள்வளைந்த வெட்டரிவாளே ஏற்றது. முள்கிளையைக் கையால் தொடாமல் வளைவால் இழுத்துப் பிரித்து, அடியில் சாய்வாக வெட்டலாம். முதுகு சுமார் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அலகின் எடையே கட்டையைப் பிளக்கும். மெல்லிய அலகு கடினமான மரத்தில் சிக்கிக்கொள்ளும், வாய் மடங்கும்.

புல், கோரை, இளங்கொடிகளுக்கு நிலைமை நேர்மாறு. அவை அடிக்கு வளைந்து கொடுப்பதால், எடையைவிட வேகமே அவற்றை அறுக்கும். 2 மில்லிமீட்டர் தடிமன் அளவிலான நீண்ட, நேரான கத்தி இதற்குப் பொருந்தும். லத்தீன் அமெரிக்காவின் மச்சேட்டே இவ்வகை. கனத்த அரிவாளைப் புல்மீது வீசினால் தண்டு அறுபடாமல் சாயும், மணிக்கட்டும் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

பட்டறைகளில் பழைய லாரிப் பட்டைகளைக் காய்ச்சி அடித்து அரிவாள் செய்வதுண்டு. வாய் பொரிந்தால் பதம் அதிகம், மடங்கினால் குறைவு. எந்த அரிவாளாலும் சீமைக்கருவேலம் ஒழியாது. அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும் என்பதால் கடப்பாரையால் வேரோடு தோண்ட வேண்டும்.