குளிநுரையும் சிறுமியரின் வெளியுறுப்பு அழற்சியும்: ‘தொடர்பில்லை’ என்ற முடிவின் மீது ஒரு மறுவாசிப்பு

பூப்பெய்தாத சிறுமிக்குப் பிறப்புறுப்பின் வெளிப்பகுதி சிவந்து, எரிந்து, உள்ளாடையில் லேசான கறை பட்டால், முதலில் சோப்பையும் குளிநுரையையும் நிறுத்தச் சொல்வது குழந்தை மருத்துவரின் நெடுநாள் வழக்கம். இந்த வழக்கம் வெறும் ஊகம் என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் வாதிட்டு வருகிறார்கள். அவர்கள் பெரிதும் நம்பியிருப்பது 1999இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வை. அந்த ஆய்வின் தரவுகளை இக்கட்டுரை மறுக்கவில்லை. அவற்றிலிருந்து பெறப்படும் முடிவு தரவுகள் தாங்கக்கூடியதைவிடப் பெரியது என்பதே இதன் வாதம்.

இரண்டு வயதுக்கு மேற்பட்ட, பூப்பெய்தாத, அறிகுறியுள்ள 50 சிறுமியரை அறிகுறியற்ற 50 பேரோடு அந்த ஆய்வு ஒப்பிட்டது. அறிகுறியுள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேரிடம் தொற்றுக்கான சான்று கிடைக்கவில்லை. தொற்று இருந்த பத்துப் பேரிடம் அதிகம் காணப்பட்டது ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். தூய்மைக் குறைவோ குறிப்பிட்ட எரிச்சலூட்டிகளோ காரணம் என்ற பொதுநம்பிக்கைக்கு ஆதரவு கிடைக்கவில்லை என்றும் ஆய்வாளர்கள் கூறினர். இம்மூன்றில் முதல் இரண்டும் உறுதியானவை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை எடுத்தவுடன் எழுதித் தரும் பழக்கத்துக்கு அவை தக்க மறுப்பு. சர்ச்சை மூன்றாவதைப் பற்றியது.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். கணக்கு விளங்குவதற்காக ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: அறிகுறியற்ற 50 பேரில் 30 பேரும், அறிகுறியுள்ள 50 பேரில் 37 பேரும் குளிநுரை பயன்படுத்தினார்கள் என்று கொள்வோம். நோய்க்கான வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. ஆனாலும் வழக்கமான புள்ளியியல் சோதனையில் இந்த வேறுபாடு தற்செயல் என்றே ஒதுக்கப்படும். ஒரு பழக்கம் பெரும்பாலான வீடுகளில் பரவியிருக்கும்போது, ஐம்பதுக்கு ஐம்பது என்ற அளவிலான ஒப்பீடு மிக வலுவான தொடர்பை மட்டுமே காட்டிக்கொடுக்கும். அது எதையும் காட்டவில்லை என்பதால், எதுவும் இல்லை என்று ஆகிவிடாது.

இதைவிட முக்கியமானது, என்ன கேட்கப்பட்டது என்பது. நேர்காணலில் கிடைப்பது வீட்டுப் பழக்கத்தைப் பற்றிய பெற்றோரின் நினைவு. நுரைநீரில் குழந்தை எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள், அதே நீரிலேயே தலைக்கு ஷாம்பு போட்டு அலசினார்களா, கடைசியில் நல்ல நீரால் கழுவினார்களா என்பதை ‘பயன்படுத்துகிறோம்’ என்ற ஒற்றை விடை சொல்லாது. எரிச்சலை உண்டாக்குவது பொருளின் பெயரல்ல. அதன் செறிவும் அது தோலைத் தொட்டிருக்கும் நேரமும்தான். அமெரிக்காவில் நுரைக்குளியல் பொருள்களின் உறையில் அச்சிடச் சட்டம் கோரும் எச்சரிக்கையும், அளவுமீறிய பயன்பாடும் நீண்ட நேரத் தொடுகையும் தோலிலும் சிறுநீர்ப் பாதையிலும் எரிச்சல் உண்டாக்கலாம் என்றே சொல்கிறது.

உடலமைப்பும் இதற்குத் துணை நிற்கிறது. இந்த வயதில் ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைவு. ஆகவே யோனியின் உட்படலம் மெல்லியது; அமிலத்தன்மை தரும் லாக்டோபாசில்லஸ் அங்கே குடியேறியிருப்பதில்லை. உதடுகளில் கொழுப்புத் திண்டும் மறைப்பாக முடியும் இல்லை. சோப்பின் காரமும் நுரைப்பொருளும் தோலின் எண்ணெய்ப் பசையைக் கரைக்கும்போது அதை ஈடுகட்டும் அரண் அங்கே இல்லை. எல்லாச் சிறுமியருக்கும் இந்த அமைப்பு பொதுவாக இருக்க, சிலருக்கு மட்டும் ஏன் வருகிறது என்று கேட்கலாம். எக்ஸிமா உள்ள தோல், சிறுநீர் கழித்தபின் தங்கும் ஈரம், இறுக்கமான உடை ஆகியவை ஒரே அளவு சோப்பின் விளைவை வேறுபடுத்துகின்றன. இந்த வேறுபாட்டைச் சராசரி ஒப்பீடு கரைத்துவிடுகிறது.

மருத்துவமனையில் அடிக்கடி காணும் ஒரு நேர்வின் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து வயதுச் சிறுமி. சிறுநீர் போகும்போது எரிகிறது என்று அழுகிறாள், காய்ச்சல் இல்லை. சிறுநீர்ச் சோதனையில் வெள்ளணுக்கள் தெரிகின்றன. சிறுநீர்த் தொற்று என்று மருந்து கொடுக்கிறார்கள். நுண்ணுயிர் வளர்ப்புச் சோதனையோ தெளிவான தொற்று எதையும் காட்டவில்லை. இங்கே வெள்ளணுக்கள் சிறுநீர்ப்பையிலிருந்து வந்தவை அல்ல. அழற்சி கண்ட வெளியுறுப்பைத் தாண்டி வரும்போது சிறுநீரில் கலந்தவை. எரிச்சலும், சிவந்த தோல்மீது சிறுநீர் படுவதால் வருவதே. இதைத் தொற்று என்று கொண்டால் வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவுவதும், குளிக்கும் நீரில் கிருமிநாசினி கலப்பதும் கூடும், புண் ஆறாது. நம் வீடுகளில் தொட்டிக்குளியல் அரிது. ஆனாலும் நுரைநீர் நிறைந்த பிளாஸ்டிக் டப்பில் குழந்தையை விளையாட விடுவதும், கிருமிநாசினி கலப்பதும் அதே தொடுகையைத் தருகின்றன.

சிகிச்சையின் மையம் நிறுத்துவதுதான். அந்த இடத்துக்குச் சோப்பு, ஷாம்பு, வாசனைத் துடைப்பான் எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான வெறும் நீரில் நாளுக்கு ஒன்றிரண்டு முறை, பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வைத்து, தேய்க்காமல் ஒற்றி உலர்த்த வேண்டும். தலைக்குக் குளிப்பதைக் கடைசியில் வைத்து, நிற்க வைத்து அலச வேண்டும். தளர்ந்த பருத்தி உள்ளாடை போதும். இரவில் அதுவும் வேண்டியதில்லை. சிறுநீர் கழிக்கும்போது முழங்கால்களை அகட்டி உட்காரப் பழக்கினால் நீர் உள்ளே தேங்காது. சிவந்த தோலுக்கு வாசலினோ துத்தநாக ஆக்சைடு களிம்போ மெல்லிய பூச்சாகப் போதும். அரிப்பு கடுமையானால் மருத்துவர் சொல்லும் சில நாள்களுக்கு மட்டும் 1% ஹைட்ரோகார்ட்டிசோன். பூஞ்சைக் களிம்பு பெரும்பாலும் வீண். டயப்பர் விட்ட, பூப்பெய்தாத சிறுமியரிடம் கேண்டிடா அரிது.

சோப்பை நிறுத்தியதும் குணமானது தானாகவே ஆறியதாகவும் இருக்கலாமே என்பது நியாயமான ஆட்சேபம். ஒருமுறை குணமானது சான்றாகாது என்பதை ஏற்கிறேன். ஆனால் மற்றவற்றை மாற்றாமல், பழைய பழக்கம் வீட்டில் திரும்பும்போதெல்லாம் எரிச்சலும் திரும்பி, நிறுத்தும்போதெல்லாம் அடங்கினால், அந்தச் சிறுமியைப் பொறுத்தவரை சராசரி ஒப்பீட்டைவிட அதுவே வலுவான சான்று. ‘கண்ணை எரிக்காத குழந்தை ஷாம்பு’ என்பதால் ஆபத்தில்லை என்ற வாதம் நீண்ட மறுப்புக்கு உரியதல்ல. கண்ணில் ஒரு நொடி படுவதும் பதினைந்து நிமிடம் அதில் ஊறுவதும் ஒன்றல்ல.

நிறுத்தியும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்காவிட்டால் சோப்பைக் குற்றம் சொல்வதை நிறுத்த வேண்டும். இரத்தம் கலந்த, துர்நாற்றமுள்ள கசிவு உள்ளே தங்கிய தாள்துண்டு போன்ற பொருளைச் சுட்டலாம். எல்லை தெளிந்த அடர்சிவப்பு ஸ்ட்ரெப்டோகாக்கஸைச் சுட்டும்; அதற்குப் பெனிசிலின் வகை மருந்து தேவை. இரவு அரிப்பு கீரிப்பூச்சியால் வரலாம். வெண்மையாய்ச் சுருங்கும் தோல் லைக்கன் ஸ்கிளரோசஸ். கொனோரியா போன்ற பால்வினைத் தொற்று உறுதியானால் பாலியல் வன்முறையை விசாரித்தே ஆக வேண்டும்; வன்முறை குறித்த ஐயம் எழுந்தாலே தெரிவிக்க வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். இவற்றில் இரத்தம், துர்நாற்றம், வன்முறை குறித்த ஐயம் ஆகியவற்றுக்கு வாரக்கணக்கு பார்க்கக் கூடாது. அன்றே பரிசோதிக்க வேண்டும்.

ஆக, 1999 ஆய்வு நமக்குத் தருவது இரண்டு பாடங்கள்: தொற்று எளிதில் ஊகிக்கத் தக்கதல்ல, தூய்மைக்குறைவு என்று தாயைக் குறைசொல்லவும் ஆதாரமில்லை. சோப்புக்குப் பங்கில்லை என்ற மூன்றாவது பாடத்தை அதிலிருந்து எடுக்க, தொடுகை நேரத்தை அளந்த, எண்ணிக்கையில் பெரிய ஓர் ஆய்வு வேண்டும். அது வரும்வரை, தீங்கற்றதும் செலவற்றதுமான நிறுத்தலையே முதல் சிகிச்சையாக வைத்து, நுண்ணுயிர்க்கொல்லியை அதற்குரிய அடையாளம் தெரியும் சிறுமிக்கென ஒதுக்குவதே சரி.