பெற்றோர் முரண்படும்போது: சிறார் உளவியல் ஆலோசனையில் ஒப்புதலும் ரகசியக் காப்பின் எல்லையும்

18 வயது நிறையாத ஒருவருக்கு உளவியல் ஆலோசனை தர யாருடைய ஒப்புதல் வேண்டும் என்ற கேள்வி, பெற்றோர் ஒத்துப்போகும்வரை எழுவதே இல்லை. ஒருவர் வேண்டும் என்றும் மற்றவர் கூடாது என்றும் நிற்கும்போதுதான் இந்தியச் சட்டத்தில் உள்ள இடைவெளி தெரியவருகிறது. அந்நிலையில் ஒப்புதலையும் ரகசியக் காப்பையும் இரு தனிக் கேள்விகளாகப் பிரித்தே விடை காண வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. ஒப்புதல் தரும் தகுதி ஒரு பெற்றோருக்கு இருப்பதாலேயே, பிள்ளை ஆலோசகரிடம் சொன்னதையெல்லாம் அறியும் உரிமை அவருக்கு வந்துவிடாது.

விளக்கத்துக்காக ஒரு கற்பனை நேர்வை எடுத்துக்கொள்வோம். மதுரையில் பிரிந்து வாழும் இந்துத் தம்பதியின் மகளுக்கு வயது 14. குடும்பநல நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவுப்படி அவள் தாயிடம் இருக்கிறாள். வார இறுதியில் தந்தை வீட்டுக்குப் போகிறாள். சில மாதங்களாகத் தூக்கமில்லை. பள்ளி என்றாலே வயிற்றுவலி வருகிறது. தாய் அவளை மருத்துவ உளவியலாளரிடம் அழைத்துவருகிறார். தந்தை தொலைபேசியில், “என் மகளுக்கு ஒரு நோயும் இல்லை. என்னைக் கேட்காமல் ஆலோசனை எதுவும் நடக்கக் கூடாது” என்கிறார்.

யாருடைய ஒப்புதல்?

உளவியலாளர் முதலில் கேட்டு வாங்க வேண்டியது நீதிமன்ற உத்தரவின் நகல். சிகிச்சை பற்றிய முடிவை யார் எடுப்பது என்று உத்தரவு சொன்னால் கேள்வி அங்கேயே முடிகிறது. இந்த நேர்வில் உத்தரவு அதைப் பற்றிப் பேசவில்லை. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 15, சிறாரின் நியமனப் பிரதிநிதியாகச் சட்டபூர்வப் பாதுகாவலரைக் காட்டுகிறது. ஆனால் பாதுகாவலர் இருவர் முரண்பட்டால் யார் என்று அது சொல்லவில்லை. இந்துச் சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டம் 1956, பிரிவு 6, தந்தையையும் அவருக்குப் பின் தாயையும் இயற்கைப் பாதுகாவலர் என்கிறது. கீதா ஹரிஹரன் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம், தந்தை உயிரோடிருந்தாலும் பிள்ளையின் பராமரிப்பில் இல்லாதபோது தாய் பாதுகாவலராகச் செயல்படலாம் என்று விளக்கியது. நம் நேர்வின் தந்தையோ வாரந்தோறும் மகளைப் பார்க்கிறார், வழக்கும் நடத்துகிறார். அவரைப் பராமரிப்பில் இல்லாதவர் என்று உளவியலாளர் தாமாகத் தீர்மானிக்க முடியாது.

பலர் இங்கே மனநல மறுஆய்வு வாரியத்தை நாடலாம் என்பார்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 15இன்படி வாரியம் வேறொருவரைப் பிரதிநிதியாக நியமிக்கலாம் என்பது உண்மை. ஆனால் பாதுகாவலர் பிள்ளையின் நலனுக்காகச் செயல்படவில்லை, அல்லது அப்பொறுப்புக்குத் தகுதியற்றவர் என்று காட்ட வேண்டும். சிகிச்சை தேவையில்லை என்று மனமார நம்பும் தந்தையை அப்படிச் சித்திரிப்பது அநியாயம். பூசலை வளர்க்கவும் செய்யும். நேர்மையான கருத்து வேறுபாட்டுக்கு உரிய இடம், பிள்ளை வளர்ப்புரிமை வழக்கு ஏற்கெனவே நடக்கும் குடும்பநல நீதிமன்றமே. ஆலோசனைக்கு அனுமதி கேட்டுத் தாய் அங்கே ஒரு இடைக்கால மனு போடலாம்.

அதுவரை பிள்ளையைக் காத்திருக்கச் சொல்லலாமா? கூடாது என்பதே என் நிலை. தாயிடம் அன்றாடப் பொறுப்பை நீதிமன்றமே தந்திருக்கிறது. அவருடைய எழுத்துமூல ஒப்புதலும் சிறுமியின் இசைவும் இருந்தால், மதிப்பீட்டையும் துணைநிற்கும் உரையாடலையும் தொடங்குவது நியாயமானது. குற்றவியல் சட்டத்தின் பொதுவிதிகூட 12 வயதுக்குக் குறைந்தவரின் இசைவை மட்டுமே இசைவாகக் கொள்ள மறுக்கிறது. 14 வயதுப் பெண்ணின் சொல்லுக்கு எடையே இல்லை என்று அந்தப் பொதுவிதி கூறவில்லை. ஆனால் மருந்து, உள்நோயாளியாகச் சேர்த்தல் போன்றவற்றை இந்தத் தற்காலிக ஏற்பாட்டின் கீழ்த் தொடங்கக் கூடாது. தொடங்குவது எது, தொடங்காதது எது என்பதைத் தந்தைக்கும் எழுத்தில் தெரிவித்து, அவரைத் தனியே சந்திக்க அழைக்க வேண்டும். மறைத்து நடத்தும் ஆலோசனை வெளிப்படும் நாளில், அதன் விலையைச் சிறுமியே கொடுக்க நேரும்.

எதை யாருக்குச் சொல்வது?

மூன்றாம் அமர்வில் சிறுமி இரண்டு செய்திகள் சொல்கிறாள் என்று கொள்வோம். தந்தை வீட்டுக்குப் போக அவளுக்கு விருப்பமில்லை. அங்கே தாயைப் பற்றிக் கேள்வி கேட்டுத் துளைக்கிறார்கள். இன்னொன்று, சில இரவுகளில் சாக வேண்டும் போலிருக்கிறது.

மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 23 ரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாக்குகிறது. நியமனப் பிரதிநிதிக்குத் தகவல் தரலாம் என்ற விலக்கு அதில் உண்டு. ஆனால் அவர் தம் கடமைகளை நிறைவேற்றுவதற்காக மட்டுமே என்ற வரம்பும் அதிலேயே இருக்கிறது. அக்கடமைகளைப் பட்டியலிடும் பிரிவு 17, நோய்நிர்ணயம், சிகிச்சை பற்றிய தகவல் கேட்கும் உரிமையைத் தருகிறது. பிள்ளை பேசியதன் முழுப் பதிவைக் கேட்கும் உரிமை அங்கே இல்லை. ஆகவே முதல் செய்தியை இரு பெற்றோரிடமும் சொல்லத் தேவையில்லை. தாயிடம் மட்டும் சொன்னால் அது அடுத்த வாய்தாவில் மனுவாகிவிடும்.

இரண்டாம் செய்தி வேறு. உளவியலாளர் உடனே கேட்டறிய வேண்டியவை: எண்ணம் எவ்வளவு அடிக்கடி வருகிறது, திட்டம் உண்டா, வழி கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதா, முன்பு முயன்றாளா. திட்டமோ முயற்சியோ இருந்தால் பிரிவு 23இல் உள்ள உயிராபத்து என்ற விலக்கின் கீழ், வார இறுதிப் பொறுப்பில் இருக்கும் தந்தை உட்பட இருவரிடமும் அன்றே சொல்ல வேண்டும்; மனநல மருத்துவரிடமும் அனுப்ப வேண்டும். ஆனால் சொல்வது ஆபத்தையும் பாதுகாப்பு ஏற்பாட்டையும் மட்டுமே. ‘ஏன் சாக நினைக்கிறாள்’ என்ற கதை, அதைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் வெளியே போகக் கூடாது. எப்படிச் சொல்வது என்பதைச் சிறுமியுடன் பேசியபின் சொல்வது நல்லது.

இதிலிருந்து ஒரு பொதுவிதி கிடைக்கிறது. வருகை, பொதுநோக்கம், முன்னேற்றம், ஆபத்து ஆகிய நான்கையும் இரு பெற்றோருக்கும் ஒரே வாசகத்தில் தர வேண்டும்; உரையாடலின் உள்ளடக்கத்தை இருவருக்கும் தரக் கூடாது. குடும்ப வன்முறைக்கு எதிரான பாதுகாப்பு உத்தரவு இருக்குமிடத்தில் இந்தச் சமநிலை பொருந்தாது. அங்கே அமர்வின் நேரமும் இடமும்கூட மறைக்க வேண்டியவை.

காக்க முடியாத ரகசியங்கள்

இரண்டு எல்லைகளைச் சிறுமி பேசத் தொடங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். போக்சோ சட்டம் 2012, பிரிவு 19இன்படி, பாலியல் குற்றம் பற்றி அறிந்தவர் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். தவறினால் பிரிவு 21 ஆறு மாதம்வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. அவள் விரும்பிய உறவு என்றாலும் 18 வயதுக்குள் சட்டம் விலக்குத் தருவதில்லை. இரண்டாவது, நீதிமன்றம். சாட்சியச் சட்டத்தில் வழக்கறிஞருக்கு உள்ள தொழில்முறைச் சலுகை உளவியலாளருக்கு இல்லை. குடும்பநல நீதிமன்றச் சட்டம் 1984, பிரிவு 14, எந்த ஆவணத்தையும் ஏற்க நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. வழக்கறிஞரின் கடிதம் வந்தால் குறிப்புகளைத் தர வேண்டியதில்லை. அழைப்பாணை வந்தால் அவற்றை உறையிட்டு எடுத்துச்சென்று, வழக்குக்குத் தேவையான பகுதியை நீதிபதியே தனியறையில் தேர்ந்தெடுக்க வேண்டுமென்று கோரலாம். பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று சிகிச்சை தருபவர் கருத்துக் கூறவே கூடாது; அதற்கு நீதிமன்றம் வேறொரு நிபுணரை நியமிக்கட்டும்.

இந்த வாதத்துக்கு ஒரு வரம்பு உண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டம் மனநோய் உடையவரைப் பற்றியது. நோய் என்ற அளவை எட்டாத துயரத்துக்குப் பள்ளி ஆலோசகர் தரும் உதவி அதன் காப்புக்குள் தெளிவாக வருவதில்லை. அவருக்கு இருப்பது முதல் நாளில் பெற்றோர் இருவர், பிள்ளை ஆகிய மூவரிடமும் கையொப்பம் பெறும் உடன்பாடு மட்டுமே. ஆகவே சட்டத்தில் இரு திருத்தங்கள் தேவை: பாதுகாவலர் முரண்படும்போது குறுகிய கெடுவுக்குள் முடிவு தரும் ஒரு நடைமுறை, சிறாரின் ஆலோசனைக் குறிப்புகளுக்குக் பிள்ளை வளர்ப்புரிமை வழக்குகளில் வரையறுத்த சலுகை. இவை வரும்வரை, பெற்றோர் வழக்கின் ஆயுதமாக ஆலோசனை அறை மாறாமல் காப்பது, பிரிவு 23இன் ‘கடமைக்காக மட்டும்’ என்ற வரம்பை ஆலோசகர் எவ்வளவு உறுதியாகப் பற்றிக்கொள்கிறார் என்பதைப் பொறுத்தது.