காப்பி வாங்கப் போகும் 3 நிமிடத்தில் உங்கள் லேப்டாப்பில் என்ன நடக்கலாம்?

மதிய உணவு நேரம். கபேயில் ஒரே ஒரு மேசைதான் காலியாக இருக்கிறது. கையில் டிஷ்யூ பாக்கெட் இல்லை. லேப்டாப்பையே வைத்து இடத்தை 'சோப்' செய்துவிட்டு வரிசையில் போய் நிற்கிறீர்கள். திரை திறந்தபடியே இருக்கிறது.

"மூணு நிமிஷம்தானே, யார் என்ன பண்ணப் போறாங்க?"

நம்மில் பலர் பயப்படுவது லேப்டாப் திருடுபோவதைப் பற்றி மட்டும்தான். திரும்பி வந்தால் அது அங்கேயே இருக்கிறது. "அப்பாடா" என்று உட்கார்ந்துவிடுகிறோம். ஆனால் யாராவது அதைத் தொட்டார்களா என்பது நமக்குத் தெரியாது.

திறந்த திரை என்றால் என்ன?

காலையில் நீங்கள் மறைச்சொல் போட்டு மின்னஞ்சலுக்குள் நுழைந்தீர்கள். கைத்தொலைபேசியில் வந்த குறியீட்டையும் தட்டினீர்கள். அதன்பிறகு அந்தச் சேவைக்கு உங்கள் லேப்டாப்தான் நீங்கள். முன்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று அது மறுபடியும் கேட்பதில்லை. இருமுறை சரிபார்ப்பு வைத்திருந்தாலும் அந்தக் கட்டம் ஏற்கெனவே முடிந்துபோன ஒன்று.

வங்கி இணையத்தளங்கள் சில நிமிடங்களில் தானாகவே வெளியேற்றிவிடும். பணம் அனுப்ப உங்கள் கைத்தொலைபேசியும் வேண்டும். மின்னஞ்சல் அப்படியில்லை. நாள் கணக்கில், வாரக் கணக்கில் திறந்தே கிடக்கும்.

இப்போது அந்தக் கபே மேசைக்கு வருவோம். நீங்கள் வரிசையில் நிற்கும்போது ஒருவர் உங்கள் நாற்காலியில் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கணக்கு வைத்திருக்கும் ஏதோ ஓர் இணையக் கடையின் பக்கத்துக்குப் போகிறார். 'மறைச்சொல் மறந்துவிட்டது' என்பதைத் தட்டுகிறார். அதற்கான இணைப்பு உங்கள் மின்னஞ்சலுக்கு வருகிறது. மின்னஞ்சல்தான் பக்கத்திலேயே திறந்திருக்கிறதே! புது மறைச்சொல்லை வைத்துவிட்டு, வந்த மின்னஞ்சலை அழித்துவிடுகிறார். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வாட்ஸ்ஆப் வெப்பும் திறந்திருந்தால், அம்மாவுக்கு உங்கள் பெயரிலேயே "அவசரமா காசு வேணும்" என்று ஒரு செய்தி அனுப்பலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதிய கருவியிலிருந்து யாராவது உங்கள் மின்னஞ்சலுக்குள் நுழைந்தால் எச்சரிக்கை வரும். இங்கே அது வராது. உங்கள் லேப்டாப், உங்கள் கணக்கு, நீங்கள் இருக்கும் அதே கபேயின் இணையம். நுழைவுப் பட்டியலைப் பார்த்தாலும் எல்லாம் நீங்கள் செய்ததுபோலவே தெரியும்.

சந்தேகம் வந்தால் வேறு இடங்களில் தேடுங்கள். அனுப்பிய மின்னஞ்சல்கள், குப்பைத்தொட்டி, உலாவியில் பார்த்த பக்கங்களின் பட்டியல். ஜிமெயில் என்றால் அமைப்புகளில் `Forwarding and POP/IMAP` பகுதிக்குப் போய், உங்களுக்கு வரும் மின்னஞ்சல்கள் தெரியாத முகவரிக்கும் போகின்றனவா என்று பாருங்கள். பக்கத்திலுள்ள `Filters and Blocked Addresses` பகுதியையும் பார்ப்பது நல்லது.

எந்த விசைகள்?

விண்டோஸ் லேப்டாப் என்றால்:

```
Windows + L
```

மேக் என்றால்:

```
Control + Command + Q
```

குரோம்புக்கில் `Launcher + L`.

மேக் பயன்படுத்துபவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். `Control` விசையில் விரல் சரியாகப் படவில்லை என்றால் அது வெறும் `Command + Q` ஆகிவிடும். திரை பூட்டாது, நீங்கள் வேலை செய்துகொண்டிருந்த செயலி மூடிவிடும். அதனால் `Control` விசையை முதலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் அழுத்துங்கள்.

விசைகளை அழுத்தியதும் எழுந்து ஓடிவிட வேண்டாம். பூட்டுத் திரை வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். கணினி விளையாட்டுக்கான சில விசைப்பலகைகளில் `Windows` விசையையே முடக்கிவைக்கும் வசதி இருக்கிறது. அது செயல்பாட்டில் இருந்தால் நீங்கள் அழுத்தியது வீண்.

இன்னொரு சோதனையும் உண்டு. பூட்டிய பிறகு திரும்பத் திறந்து பாருங்கள். மறைச்சொல், பின் எண் அல்லது கைரேகை கேட்கிறதா? எதுவும் கேட்காமல் உள்ளே விட்டால், அந்த லேப்டாப்பில் மறைச்சொல்லே வைக்கவில்லை என்று அர்த்தம். அது பூட்டு அல்ல, வெறும் திரைச்சீலை.

பூட்டினால் வேலை நின்றுவிடுமா?

நிற்காது. பாதி எழுதிய கட்டுரை, பதிவிறக்கம், திறந்திருக்கும் 40 பக்கங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். கணினி தூங்குவதில்லை, முகத்தை மட்டும் மூடிக்கொள்கிறது.

அதனால்தான் காணொளிக் கூட்டத்துக்கு நடுவில் பூட்டும்போது எச்சரிக்கை தேவை. கூட்டம் துண்டிக்கப்படாது, ஒலிவாங்கியும் திறந்தே இருக்கலாம். முதலில் ஒலியை அடைத்துவிட்டுப் பிறகு பூட்டுங்கள். பூட்டுத் திரையில் செய்திகள் எட்டிப்பார்ப்பதும் உண்டு. விண்டோஸில் `Notifications` அமைப்பில் அதை நிறுத்திவைக்கலாம்.

மூடியைச் சாத்தினால் போதாதா?

சில நேரம் போதும், சில நேரம் போதாது. மூடினால் என்ன செய்ய வேண்டும் என்பதை லேப்டாப்பின் அமைப்புதான் முடிவு செய்கிறது. அலுவலகத்தில் வெளித்திரையும் மின்சாரமும் இணைத்திருந்தால், மூடியைச் சாத்திய பிறகும் மேக் விழித்தபடியே இருக்கும். பெரிய திரையில் எல்லாம் தெரியும். விண்டோஸில் மூடினால் எதுவும் செய்யாதே என்று யாரோ முன்பே மாற்றி வைத்திருக்கலாம்.

'கைத்தொலைபேசி தூரம் போனால் தானாகவே பூட்டிக்கொள்' என்ற வசதியும் விண்டோஸில் உண்டு. பெயர் `Dynamic lock`. புளூடூத் தொடர்பு அறுந்து ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்துத்தான் பூட்டும். கபேயில் உங்கள் மேசைக்கும் காசு கட்டும் இடத்துக்கும் ஏழெட்டு மீட்டர்தான் இருக்கும். தொடர்பு அறுவதே சந்தேகம். மறந்துவிடும் நாளுக்கு அது உதவலாம், அதையே நம்பியிருக்க முடியாது.

அலுவலகத்தில் எல்லாரும் தெரிஞ்சவங்கதானே?

திறந்து கிடக்கும் கணினியிலிருந்து "நாளைக்கு எல்லாருக்கும் நான் பபிள் டீ வாங்கித் தர்றேன்" என்று குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பும் விளையாட்டு பல அலுவலகங்களில் உண்டு. எனக்கும் ஒருமுறை நடந்தது. 11 கோப்பைகளுக்குக் காசு கொடுத்த பிறகுதான் விரல்கள் பழகின.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அனுமதியில்லாமல் மற்றவர் கணினியில் உள்ளதைப் பார்ப்பது சிங்கப்பூரின் கணினி முறைகேட்டுச் சட்டத்தின்படி குற்றம். முதல்முறை குற்றம் புரிவோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். கணினி திறந்திருந்தது என்பதற்காக அனுமதி கொடுத்ததாக ஆகிவிடாது.

லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு போனால்?

அங்கே இந்த விசைகளால் ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே உள்ள கோப்புகளைக் காப்பது சேமிப்புத் தட்டின் மறையாக்கம். மேக்கில் அதன் பெயர் `FileVault`. விண்டோஸில் `Device encryption` அல்லது `BitLocker`. அது இல்லையென்றால், சேமிப்புத் தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்திப் படித்துவிடலாம். உங்கள் மறைச்சொல் தேவையே இல்லை. இன்றைக்கே அமைப்புகளில் தேடி, அது செயல்படுகிறதா என்று பாருங்கள்.

கபேயில் இடம் பிடிக்கத்தான் வேண்டுமென்றால் டிஷ்யூ பாக்கெட்டை வையுங்கள். லேப்டாப் உங்களோடு வரிசையில் நிற்கட்டும்.