நெடுவில், குறுக்குவில் ஒப்பீடு

நெடுவில், குறுக்குவில் ஆகியவை இடைக்கால ஐரோப்பியப் போர்களில் பயன்படுத்தப்பட்ட இரு வகை வில்கள் ஆகும். நெடுவில் ஏறத்தாழ ஆளுயரம் கொண்ட, ஒரே மரத்தாலான வில். குறுக்குவில் என்பது ஒரு மரத்தண்டின் முனையில் குறுக்காகப் பொருத்தப்பட்ட சிறிய, விறைப்பான வில். இதில் இழுத்த நாணை ஒரு கொக்கி பிடித்துக்கொள்ளும். கீழுள்ள நெம்பை அழுத்தினால் நாண் விடுபட்டுக் கணை பாயும். நெடுவில்லில் நாணை இழுத்துப் பிடிப்பது வில்லாளியின் உடல்; குறுக்குவில்லில் அவ்வேலையைப் பொறி செய்கிறது. மற்ற வேறுபாடுகளுள் பெரும்பாலானவை இதிலிருந்தே தோன்றுகின்றன.

ஆற்றல்

1545 இல் மூழ்கிய மேரி ரோசு என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் மீட்கப்பட்டன. அவற்றின் இழுவிசை ஏறத்தாழ 45 முதல் 80 கிலோகிராம் எடைக்கு இணையானது எனக் கணிக்கப்பட்டுள்ளது. 15ஆம் நூற்றாண்டின் வலிய எஃகுக் குறுக்குவில்களின் இழுவிசை 500 கிலோகிராமையும் எட்டியது. எனினும் குறுக்குவில் எட்டு மடங்கு வலியது என்று முடிவு செய்வது தவறாகும்.

வில்லில் சேமிக்கப்படும் ஆற்றல், இழுவிசையையும் நாண் நகரும் தொலைவையும் பொறுத்தது. தோராயமாக, இவ்விரண்டின் பெருக்கற்பலனில் பாதியே அந்த ஆற்றல் ஆகும். 63 கிலோகிராம் (620 நியூட்டன்) இழுவிசை உடைய நெடுவில்லின் நாண் ஏறத்தாழ 55 செ.மீ. நகர்ந்தால் 170 ஜூல் சேமிக்கப்படும். 500 கிலோகிராம் (4,900 நியூட்டன்) குறுக்குவில்லின் நாண் ஏறத்தாழ 15 செ.மீ. மட்டுமே நகர்வதால் சேமிப்பு 370 ஜூல் ஆகும். விசை எட்டு மடங்காயினும் ஆற்றல் இரு மடங்கே. அதிலும் பெரும்பகுதி, கனமான எஃகுக் கைகளை முன்னோக்கி அசைப்பதிலேயே செலவாகிவிடும். எனவே கணை பெறும் ஆற்றல், அம்பு பெறும் ஆற்றலை விடப் பெரிதும் மிகுந்ததன்று.

பயிற்சி

60 கிலோகிராம் இழுவிசையை ஒரு நாளில் பலமுறை இழுக்க, தோளும் முதுகும் சிறுவயது முதலே பழக வேண்டும். ஆகவே நெடுவில்லாளர் படையை அவசரத்தில் உருவாக்க இயலாது. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டு, விடுமுறை நாட்களில் ஆண்கள் வில்பயிற்சி செய்ய வேண்டும் என 1363 இல் ஆணையிட்டார்.

குறுக்குவில்லைக் குறுகிய காலத்தில் கற்கலாம். வலியவற்றின் நாணை இழுக்க இடைவாரில் மாட்டிய கொக்கி, நெம்பு, கைப்பிடி சுழற்றும் கப்பிப் பொறி ஆகியவை உதவின. இழுத்த நிலையிலேயே வைத்துக்கொண்டு நிதானமாகக் குறிபார்க்கவும் முடியும். இதன் விலை நேரமாகும். தேர்ந்த நெடுவில்லாளர் ஒரு நிமிடத்தில் பத்து அம்புகள் வரை எய்யலாம். கப்பிப் பொறியால் இழுக்கப்படும் குறுக்குவில்லில் ஓரிரு கணைகளே இயலும்.

கிரெசிப் போர், 1346

1346 ஆகத்து 26 அன்று பிரான்சின் கிரெசியில் இவ்விரு வில்களும் நேருக்கு நேர் மோதின. பிரெஞ்சுப் படையின் முன்வரிசையில் செனோவா நகரக் கூலிப்படையின் குறுக்குவில்லாளர்கள் நின்றனர். நாணை இழுக்கும்போது அவர்களைக் காப்பவை ஆளுயரக் கேடயங்கள். அன்று அவை பின்தங்கிய சுமைவண்டிகளில் இருந்தன. போருக்குச் சற்றுமுன் மழையும் பெய்தது. நெடுவில்லின் நாணைக் கையாலேயே கழற்றி நனையாமல் காக்கலாம். குறுக்குவில்லின் நாணைக் கழற்றக் கருவி தேவை என்பதால், அவை நனைந்து கெட்டதாக அக்காலக் குறிப்பு ஒன்று கூறுகிறது.

மேட்டில் நின்ற ஆங்கிலேயரின் விரைவான அம்பு மழையைத் தாங்காமல் அவர்கள் பின்வாங்கினர். அதைத் துரோகமாகக் கருதிய பிரெஞ்சுக் குதிரை வீரர்கள் அவர்களையே மிதித்து முன்னேறினர். அதன்பின் அவர்களது தாக்குதல்களும் மீண்டும் மீண்டும் முறியடிக்கப்பட்டன. கேடயம் இல்லாமை, மழை, படைத்தலைமையின் அவசரம் ஆகியவையும் காரணமாதலால், இப்போரை வில்லின் தரத்துக்கு மட்டுமே சான்றாகக் கொள்ள இயலாது.

வரம்புகள்

நெடுவில்லாளர்களுக்கு, தம்முன் கூர்முனைக் கழிகளை நட்டு அணிவகுக்க நேரம் தேவைப்பட்டது. 1429 இல் பத்தே என்னுமிடத்தில் அதற்குமுன் பிரெஞ்சுக் குதிரைப்படை பாய்ந்ததால் அவர்கள் அழிந்தனர். பயிற்சி பெற்றோரை இழந்தால் ஈடுசெய்வதும் கடினம். மாறாக, கோட்டைச் சுவரின் மறைவிலிருந்து குறிபார்த்து எய்வோருக்குக் குறுக்குவில்லின் வேகக்குறைவு பெரிய இழப்பன்று. 1199 இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு, பிரான்சின் சாலூசுக் கோட்டையிலிருந்து எய்யப்பட்ட குறுக்குவில் கணையால் காயமுற்று இறந்தார்.

தமிழகத்தில்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காணப்படும் சோழர் படைப்பிரிவுகளுள் 'வில்லிகள்' எனப்பட்ட வில்லாளர் பிரிவுகளும் உள்ளன. பொறியால் எய்யும் வில்லைப் பொறுத்தவரை, சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டையின் பொறிகளுள் ஒன்றாக 'வளைவிற்பொறி'யைக் குறிப்பிடுகிறது. உரையாசிரியர்கள் இதைத் தானே வளைந்து அம்பு எய்யும் எந்திரமாக விளக்குவர். இது கையில் ஏந்தும் குறுக்குவில் அன்று. எனினும் இங்கும் பொறிவில்லின் இடம் கோட்டை மதிலாகவே இருந்தது.