மேசைக்கரண்டி அளவு

மேசைக்கரண்டி என்பது முதலில் உணவு மேசையில் பயன்பட்ட கரண்டியே. அதன் கொள்ளளவு வீட்டுக்கு வீடு மாறியது. 1896இல் பாஸ்டன் சமையற்பள்ளியின் தலைவர் ஃபேன்னி ஃபார்மர் தமது நூலில், கரண்டியைக் குவிக்காமல் கத்தியால் மட்டமாக வழித்து அளக்கும் முறையை வலியுறுத்தினார். வழித்த தேக்கரண்டி உப்பை நீளவாக்கில் பிரித்தால் அரை. அப்பாதியைக் குறுக்கே பிரித்தால் கால். காலையும் பிரித்தால் அரைக்கால்.

அளவுகள் தரப்படுத்தப்பட்ட பின்னும் நாடுகள் ஒன்றுபடவில்லை. அமெரிக்க மேசைக்கரண்டி ஏறத்தாழ 15 மில்லிலிட்டர், அதாவது மூன்று தேக்கரண்டி. ஆத்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லிலிட்டர், நான்கு தேக்கரண்டி. ஆத்திரேலியக் குறிப்பிலுள்ள ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் பவுடரை அமெரிக்கக் கரண்டியால் அளந்தால் கால்பங்கு குறையும். கேக் சரியாக உப்பாது. இரு நாட்டுத் தேக்கரண்டியும் ஏறத்தாழ 5 மில்லிலிட்டரே என்பதால், தேக்கரண்டிக் கணக்கில் மாற்றி அளந்தால் இப்பிழை நேராது.