வெண்சேலைக்காரியின் பாட்டு

பேய்க் கதை கேட்டு அன்னையின் முன்றானைக்குள் முகம் புதைக்காத பிள்ளை நம்முள் எவருமிலர். ஆயினும், அக்கதைகளில் வரும் பேய்கள் பாடுவதில்லை. பேயைப் பாட வைத்தது திரைப்படமே. அவ்வாறு பாடிய பேய்களுள் ஒன்றை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன். 1966ஆம் ஆண்டில் வெளிவந்த ‘யார் நீ’ என்னும் படத்தில், பி. சுசீலா பாடிய ‘நானே வருவேன்’ என்ற பாட்டே அது. இசையமைத்தவர் வேதா, எழுதியவர் கவிஞர் கண்ணதாசன், வெண்சேலை உடுத்து மூடுபனியினூடே நடந்தவர் ஜெயலலிதா. படத்தைத் தயாரித்த பி. எஸ். வீரப்பா, தம் சிரிப்பாலேயே தமிழகத்தை அச்சுறுத்திய வில்லன் நடிகர் என்பது பெரியோர் நினைவில் இருக்கும்.

இப்பாட்டைப் பற்றி ஒரு குறை கூறப்படுவதுண்டு. “மெட்டு இரவல், இதில் தமிழுக்கு என்ன பெருமை?” என்பர். மெட்டு இரவல் என்பது மெய்யே. 1964இல் ராஜ் கோஸ்லா இயக்கிய ‘வோ கௌன் தீ’ என்ற இந்திப் படத்தின் தமிழாக்கமே ‘யார் நீ’. அங்கே மதன் மோகன் இசையில் லதா மங்கேஷ்கர் பாடிய ‘நைனா பர்சே’ என்ற பாட்டின் மெட்டையே வேதா எடுத்தாண்டார். படப்பிடிப்பு நாளில் லதாவின் குரலில் பாட்டுப் பதிவாகியிருக்கவில்லையாம். மதன் மோகன் தாமே பாடிய பதிவை ஒலிக்கவிட்டு, நடிகை சாதனாவை வாயசைக்கச் செய்து படம் பிடித்தனர் என்பர். ஆண் குரலுக்கு வாயசைத்த அந்தப் பேயைக் கண்டு அன்று அங்கு நின்றவர் எவரும் அஞ்சியிருக்க மாட்டார்!

இனிக் காட்சிக்கு வருவோம். மழை பெய்யும் இரவு. மருத்துவன் ஒருவன் காரோட்டி வருகின்றான். நடுவழியில் வெள்ளுடையில் ஒரு பெண் நிற்கின்றாள். இரக்கப்பட்டு ஏற்றிக்கொள்கின்றான். அவள் இறங்க விரும்பும் இடமோ இடுகாட்டு வாயில். அவள் உள்ளே சென்றபின் பாட்டு எழுகின்றது. இந்த இடத்தில் பாட்டெழுதுவோன் என்ன செய்வான்? எலும்பு, குருதி, சுடலை, நள்ளிரவு என்று அச்சந்தரும் சொற்களை அள்ளிக் கொட்டவே கை நீளும். கொட்டினால் காட்சி கெடும். கண்ணுக்கு முன்னே இடுகாடு கிடக்க, காதுக்குள்ளும் அதையே ஓதினால், பார்ப்பவன் மனத்திற்கு வேலை இல்லாமற் போய்விடும். பேய் தன்னைப் பேயென்று சொல்லிக்கொண்டால் அரங்கில் சிரிப்பே எழும். கலிங்கத்துப் பரணியின் பேய்கள் பிணமும் நிணமும் பேசிக் கூழ் சமைப்பதைப் படிக்கையில் நமக்கு அச்சத்தினும் நகையே மிகுதியன்றோ?

கண்ணதாசன் எடுத்தவை இரண்டே எளிய சொற்கள்: நானே, வருவேன். ஐந்து வயதுக் குழந்தைக்கும் பொருள் தெரியும். மணமாகிச் சென்ற மகளுக்குத் தந்தை எழுதும் மடலில், “நீ அலைய வேண்டாம், பண்டிகைக்கு அழைத்துப்போக நானே வருவேன்” என்று வந்தால் அதில் இருப்பது அன்பு. அதே இரு சொற்களை, யாரென்று அறியாத ஒருத்தி, யாரும் அழையாதபோது, இருளிலிருந்து சொன்னால் முதுகுத் தண்டு சில்லிடுகின்றது. சொல் மாறவில்லை, சொல்பவளும் சொல்லுமிடமுமே மாறின.

இலக்கணத்தை நோக்கினால் காரணம் தெளிவாகும். ‘நான்’ என்பதோடு ஏகாரம் சேர்ந்தது. பிரிநிலையாகக் கொண்டால், பிறர் எவருமின்றி நான் மட்டும் என்று பொருள்படும். தேற்றமாகக் கொண்டால், ஐயமே இல்லை என்று உறுதிப்படும். ‘வருவேன்’ என்பதோ எதிர்காலம். எப்போது என்பதில்லை, எங்கே என்பதில்லை. நாள் குறிக்காத உறுதிமொழி கடன்காரனிடமிருந்து வந்தால் நகைப்பு. பேயிடமிருந்து வந்தால் நடுக்கம். பின்னர் இடத்தைச் சொல்ல வரும்போதும் கவிஞர் ஊரோ தெருவோ பெயரிட்டுக் கூறுவதில்லை. அண்மைச் சுட்டும் சேய்மைச் சுட்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. எல்லா இடமும் அதில் அடங்கிவிட்டது; நாம் அமர்ந்திருக்கும் நாற்காலி உட்பட.

ஓசையும் உடன் நிற்கின்றது. ‘நானே வருவேன்’ என்பதில் வல்லின எழுத்து ஒன்றேனும் இல்லை. ந, ன, வ, ர என எல்லாம் மெல்லினமும் இடையினமுமே. தட்டித் தடுக்கும் ஒலி இல்லாமையால் குரல் காற்றில் மிதந்து வருவது போலிருக்கும். நா, னே, வே என்னும் மூன்று நெடில்களும் பாடுவோர் விரும்பும் அளவு நீளக்கூடியவை. இறுதியில் நிற்கும் னகர மெய், ஒலி நின்ற பின்னும் மூக்கில் சிறிது முரலும்.

இனி இரவல் என்ற குறைக்கு வருகின்றேன். இந்திப் பாட்டின் தொடக்கம் நை-னா-பர்-சே என நான்கு நெட்டசை. தமிழ்த் தொடக்கம் நா-னே-வரு-வேன்; ‘வரு’ என்ற இரு குறில் ஒரு நெடிலின் காலத்தைக் கொள்வதால் மெட்டில் இம்மியும் பிசகவில்லை. அதற்கும் மேலாக, நகரமும் னகரமும், பகரத்திற்கு நெருங்கிய வகரமும், ரகரமும் அதனதன் இடத்திலேயே நிற்பதைச் செவி கொடுத்துக் கேளுங்கள். ஒலியின் நிழல் இந்தி. பொருளோ முற்றிலும் வேறு. இந்திப் பெண் கண்ணீர் மழையாய்ப் பொழியத் தலைவன் வருவானென்று காத்திருக்கின்றாள். அது பிரிவுப் பாட்டு. காட்சியை நீக்கினால் நெய்தல் திணைக்கு உரியதாகிவிடும். தமிழ்ப் பெண் காத்திருப்பவளல்லள், வருபவள். இத்திருப்பம் மெட்டோடு வந்ததன்று.

சித்தூர், கங்காதர நெல்லூர்ப் பக்கத்தில் வாழும் நமக்கு இதை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு ஒன்று கூடுதலாக உண்டு. 1960இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி அப்பக்கம் சென்ற ஆறாண்டிற்குப் பின், அதே 1966இல், அதே கதை ‘ஆமெ எவரு’ எனத் தெலுங்கிலும் வந்தது. அதே ஜெயலலிதா, அதே வேதா, அதே சுசீலா. ஆனால் அங்கே பாடல் ‘ஓ நா ராஜா’ என்று தொடங்கி, வரமாட்டாயோ என்று தலைவனை அழைக்கின்றது. அதுவும் இனிய பாட்டே. குறை கூறுதல் என் நோக்கமன்று. எனினும், அழைக்கும் பேயிடம் போகாமல் இருந்துவிடலாம். தானே வரும் பேயை என்ன செய்வது?

பேய்ப் பாட்டுக்கு வழி வகுத்த முன்னோடியையும் சொல்லவேண்டும். 1949இல் கமால் அம்ரோஹி எடுத்த ‘மகல்’ படத்தில், கேம்சந்த் பிரகாஷ் இசையில் லதா பாடிய ‘ஆயேகா ஆனேவாலா’ அது. எங்கிருந்தோ குரல் நெருங்கி வருவதுபோலத் தோன்றவேண்டும். அதற்கான கருவிகள் அன்று இல்லை. ஒலிவாங்கியை அறையின் நடுவே வைத்து, லதாவை ஒரு மூலையில் நிறுத்திப் பாடிக்கொண்டே மெல்ல நடந்து வரச் செய்தனர். முதலில் வெளிவந்த இசைத்தட்டில் பாடியவர் பெயராக அச்சிடப்பட்டது ‘காமினி’. அது படத்தில் வரும் பெண்ணின் பெயர்!

‘யார் நீ’ படத்தின் இறுதியில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை என்பது வெளியாகின்றது. சொத்துக்காக ஒருவனைப் பித்தனாக்க வகுத்த சூழ்ச்சியே அத்தனையும். இது தெரிந்த பின்னும் அப்பாட்டை இரவில் வானொலியில் கேட்டால், எழுந்து சென்று வாயிற்கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படுக்கின்றேன்.