பிணையுறுதியும் துறப்பு வாசகமும்

கீழைத்தேயத்தை ஆண்ட ஐரோப்பியர் ஒவ்வொருவரும் தத்தம் மொழியோடு சட்டத்தையும் கொணர்ந்தனர். இலங்கையின் கரையோர மாகாணங்கள் 1796 ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் வசமாயின. ஆட்சி மாறியதேயன்றிச் சட்டம் மாறவில்லை. 1799 ஆம் ஆண்டு செத்தெம்பர் 23 ஆந் தேதிப் பிரகடனம், ஒல்லாந்தர் காலத்து நீதிமுறையே தொடர்தல் வேண்டுமென விதித்தது. ஆதலின், மன்றின் மொழி ஆங்கிலமாகவும், ஒப்பந்தத்தை ஆளுஞ் சட்டம் உரோம ஒல்லாந்தச் சட்டமாகவும் அமைந்தன. தேசவழமையும் பிணையைப் பற்றி விரித்துரையாமையின், யாழ்ப்பாணத்தவரின் பிணையுறுதிகளும் அச்சட்டத்தையே சார்ந்து நின்றன. இலத்தீனிற் பிறந்து, ஒல்லாந்த மொழியில் வளர்ந்து, ஆங்கிலத்தில் எழுதப்பெற்று, தமிழில் வாசித்து விளக்கப்பட்ட உறுதிகளில், சொல் ஒத்தும் பொருள் ஒவ்வாமை பல இடங்களிற் காணப்பட்டது. அவற்றுட் பிணையாளியின் துறப்பு வாசகம் தலையாயது.

பிறன் கடனுக்குப் பிணை நிற்பவன் எப்போது கொடுக்கக் கடமைப்பட்டவன்? ஆங்கிலச் சட்டத்தின் விடை சுருக்கமானது. கடன்பட்டவன் தவணையில் இறுக்கத் தவறியவுடன், கடன் கொடுத்தவன் நேரே பிணையாளிமீது வழக்கிடலாம்; கடனாளியை முதலில் தொடரவேண்டுமென்னும் நியதி இல்லை. உரோமச் சட்டத்தின் விடை வேறு. சக்கரவர்த்தி யுத்தீனியன் 535 ஆம் ஆண்டில் இயற்றிய புதுச்சட்டம் ஒன்றின்படி, கடனாளியின் ஆதனம் முதலில் விற்கப்பட்டு, எஞ்சிய தொகைக்கு மாத்திரமே பிணையாளி பொறுப்பாவான். இது முறைமையுரிமை எனலாம். அதற்கு நான்கு நூற்றாண்டுகட்கு முன்னரே ஏதிரியன் வழங்கிய பகுப்புரிமையும் உண்டு. பிணையாளிகள் பலராயின், அவருள் வழக்குக் காலத்தில் இறுக்கும் வலியுடையாரிடையே கடன் பகுக்கப்படல் வேண்டுமென்பது அதன் கருத்து.

இவ்வுரிமைகள் கடன் கொடுப்போர்க்கு இடையூறாயின. எனவே அவர்கள் பிணையாளியைக் கொண்டே அவற்றைத் துறக்கச் செய்தனர். 'பெனிபீசியம் ஒர்டினிஸ் செயு எக்ஸ்கசியோனிஸ் எற் டிவிசியோனிஸ்' என்னும் உரிமைகளைத் துறந்து பிணை நிற்பதாக உறுதிகளில் எழுதும் வழக்கம் இங்ஙனம் எழுந்தது. ஆங்கிலத்தில் வரைந்த நொத்தாரிசுகளும் இவ்விலத்தீன் தொடரை அவ்வாறே விட்டனர். ஆங்கிலச் சட்டத்தில் அவ்வுரிமை இன்மையால், அதனைக் குறிக்கும் சொல்லும் ஆங்கிலத்தில் வளரவில்லை. இல்லாத உரிமைக்குப் பெயர் ஏது?

இத்தொடரின் வலி எத்துணையது என்பதை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். கந்தன் என்பான் 6,000 ரூபா கடன்படுகின்றான். வேலனும் முருகனும் பிணை நிற்கின்றனர். தவணை கடந்தபின், கந்தனின் ஆதனம் விற்றால் 4,000 ரூபா பெறும். பிணையாளிகள் இருவரும் வலியுடையார். வட்டியையும் வழக்குச் செலவையும் இங்கே விடுவோம்.

உறுதியிற் துறப்பு எதுவும் இல்லையெனின், கந்தனின் ஆதனம் முதலில் விற்கப்படும். எஞ்சும் 2,000 ரூபா இருவரிடையே பகுக்கப்படும். வேலன் கொடுக்கவேண்டியது 1,000 ரூபாவே. முறைமையுரிமை மாத்திரம் துறக்கப்பட்டிருப்பின், முழுக் கடனுக்கும் பிணையாளிகளை நேரே தொடரலாம். எனினும் பகுப்புரிமை நிற்றலின், வேலன் பங்கு 3,000 ரூபா. இரண்டும் துறக்கப்பட்டிருப்பின், வேலன் ஒருவனிடமே 6,000 ரூபாவையும் அறவிடலாம். அவன் பின்னர்க் கந்தனிடமும் முருகனிடமும் தனக்குரியதைக் கேட்டுப் பெறல் வேண்டும். கடன் ஒன்று, கையொப்பம் ஒன்று; துறப்பு வாசகத்தின் ஒரு சொல் கூடுதலாலும் குறைதலாலும் பொறுப்பு ஆறு மடங்கு வேறுபடுகின்றது.

இனி மொழிபெயர்ப்பாளனின் நிலையை நோக்குவோம். அவன் இருவேறு வழிகளில் இடறுகின்றான். முதலாவது, இலங்கையுறுதியைத் தமிழாக்குகையில், இலத்தீன் தொடரை 'சகல சலுகைகளையும் துறந்து' எனப் பொதுப்படக் கூறி விடுதல். கேட்பவன் இதனை ஒரு வழக்கமான முடிவுரையாகக் கொள்வான். எந்தச் சலுகை, எத்தனை சலுகை என்பதை அறியான். மூன்று வேறு பொறுப்புகளும் ஒரே தொடருள் மறைந்துபோகின்றன.

இரண்டாவது இடறல் இதனினும் நுண்ணியது. இங்கிலாந்தில் ஆக்கிய பிணைப் படிவம் ஒன்றில், அந்நாட்டுச் சட்டத்தை நம்பித் துறப்பு எதுவும் எழுதாது விட்டிருக்கலாம். அதனை ஒருவன் சொற்பிசகாது தமிழாக்கி இலங்கையிற் கைச்சாத்திடச் செய்கின்றான் என்க. சொல்லளவில் மொழிபெயர்ப்புக் குற்றமற்றது. ஆயினும், மூலத்தில் நேரே தொடரத்தக்கவனாயிருந்த பிணையாளி, இங்கே கடனாளிக்குப் பின் நிற்பவனாகின்றான். மூலத்தின் மௌனம் கடன் கொடுத்தவனுக்குத் துணை. மொழிபெயர்ப்பின் மௌனமோ பிணையாளிக்குத் துணை. சொல்லை மாத்திரம் ஒப்புநோக்குவோர் இப்பிழையைக் காணார். பிழை எழுதிய சொல்லில் இல்லை, எழுதாத சொல்லிலேயே உள்ளது.

இதனைக் கண்டறியும் வழி ஒன்றுண்டு. இரு பிரதிகளையும் அருகருகே வைத்து, 'நாளை கடனாளி தவறினால் முதலில் யார் வாயிலிற் பிற்காது செல்லும்? எவ்வளவு தொகைக்கு?' என்னும் வினாக்களை ஒவ்வொன்றினிடத்தும் எழுப்புதல் வேண்டும். விடைகள் வேறுபடுமாயின், சொற்கள் எத்துணை ஒத்திருப்பினும் அது மொழிபெயர்ப்பாகாது. அவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளன் தானே ஒரு துறப்பைப் புகுத்துதலுந் தகாது. வேறுபாட்டை உறுதி வரைவோனுக்கு எடுத்துக்காட்டி, அவன் தீர்மானத்தைப் பெறுதலே முறை. தமிழ்ப் பிரதியில் இலத்தீன் பெயரை நிறுத்தி, அதனருகே 'கடனாளியின் ஆதனத்தை முதலில் விற்குமாறு கேட்கும் உரிமையையும், மற்றப் பிணையாளியோடு கடனைப் பகுக்குமாறு கேட்கும் உரிமையையும் விட்டுவிடுகின்றேன்' என விரித்தெழுதுதல் ஏற்றது. பெயர் நீதிமன்றுக்கு, விரிவு கையொப்பமிடுவோனுக்கு.

இவ்விரிவுக்குப் பழைய சட்டத்திலேயே ஆதாரம் உண்டு. பெண்டிர் பிறர் கடனுக்குப் பிணை நிற்றலைத் தடுத்த வெலையானச் சபைத்தீர்மானம் கி. பி. முதலாம் நூற்றாண்டில் உரோமையில் தோன்றியது. பிற்காலத்தில் அக்காப்பையும் துறக்கலாமென ஒல்லாந்தச் சட்டம் ஒப்பியபோது, துறக்கும் பெண்ணுக்கு அதன் பொருள் விளக்கப்பட்டிருத்தல் வேண்டுமென்பது வற்புறுத்தப்பட்டது. தென்னாபிரிக்காவில் இக்காப்பு 1971 ஆம் ஆண்டிற்றான் நீக்கப்பட்டது. இலங்கையில், 1907 ஆம் ஆண்டின் நொத்தாரிசு கட்டளைச்சட்டமும், வாசிக்கவியலாதவர்க்கு உறுதியை வாசித்து விளக்குதல் நொத்தாரிசின் கடமையென விதித்தது. அறியாத உரிமையை ஒருவன் துறத்தல் எங்ஙனம் என்பதே இவற்றின் உட்கிடை.

தென்னாபிரிக்காவின் விற்பனையுறுதிகளிலும் இத்தகைய சிக்கல் ஒன்றுண்டு. விற்ற பொருளின் மறைகுறைக்கு விற்றவன் பொறுப்பென்பது உரோம ஒல்லாந்த விதி. அப்பொறுப்பை விலக்குவதற்கு 'வூட்ஸ்டூற்ஸ்' என எழுதுவர். காலால் தள்ளியவாறே கொள்க என்பது அதன் சொற்பொருள். 'உள்ளவாறே' என்னும் ஆங்கிலத் தொடர் இதற்கு அணுக்கமானது. ஆயினும், வாங்குவோன் விழிப்பாயிருக்கவென்னும் ஆங்கில மரபில், நில விற்பனையில் அத்தொடர் பெரிதும் இருப்பதையே மீளக் கூறும். உரோம ஒல்லாந்த மரபிலோ அஃது ஓர் உரிமையைப் பறிக்கும். ஆதலினால் அந்நாட்டில் ஆங்கிலத்தில் எழுதுவோரும் ஒல்லாந்தச் சொல்லையே ஆண்டனர். குறையை அறிந்தே மறைத்து வஞ்சித்தவனுக்கு அவ்வாசகம் துணைசெய்யாது என்னும் எல்லையும், சொல்லோடு கூடவே வந்தது. 2008 ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புச் சட்டம், வணிகர் தம் வழக்கமான விற்பனையில் அதனை ஆள்வதைப் பெரிதும் ஒடுக்கியது.

துறப்பு வாசகம் ஒவ்வொன்றும், துறக்கப்படும் உரிமை ஒன்று முன்னரே உளதெனக் கொள்வது. அவ்வுரிமை ஒரு சட்டத்தில் உளதாய் மற்றதில் இலதாயின், வாசகம் ஒன்றில் வாளாகவும் மற்றதில் வெற்றொலியாகவும் நிற்கும். எனவே, மொழிபெயர்க்கத் தொடங்குவோன் முதலில் அறியவேண்டியது வாசகம் யாது சொல்கின்றது என்பதன்று; அவ்வாசகம் இல்லையெனின் சட்டம் யாது சொல்லும் என்பதேயாம்.